தவறான பயாஸ் மாற்றத்தால் திரை வராமல் போன டெஸ்க்டாப்: ஜம்பர் கொண்டு அமைப்புகளை அழிக்கும் முழுமையான வழிகாட்டி

பயாஸுக்குள் சென்று ஒரு மாற்றத்தைச் செய்து, F10 விசையை அழுத்திச் சேமித்த மறுகணத்திலிருந்து திரையே வராமல் போன டெஸ்க்டாப்புக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரோ சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துவிடும். தவறைத் திருத்த வேண்டுமானால் பயாஸுக்குள் போக வேண்டும். அதற்குத் திரை வர வேண்டும். அந்தத் திரையைத்தான் தவறான அமைப்பு தடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த முடிச்சை வெளியிலிருந்து அவிழ்ப்பதற்குத்தான் மதர்போர்டில் ஜம்பர், அதாவது ஒரு சிறு மூடியால் இணைக்கக்கூடிய இரண்டு அல்லது மூன்று ஊசிகள், வைக்கப்பட்டிருக்கிறது.

விளக்கத்துக்கு, திருவல்லிக்கேணியில் உள்ள ஒரு டிடிபி கடையில் நான் சரிசெய்து கொடுத்த ஒரு கணினியை எடுத்துக்கொள்கிறேன். பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டு, ரைசன் 5 3600 ப்ராசஸர், பழைய கணினியிலிருந்து கழற்றிப் பொருத்திய ஜிடி 210 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. விண்டோஸ் 11 போடுவதற்கு செக்யூர் பூட் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கடைக்காரரின் அக்கா மகன் பயாஸில் அதற்குத் தடையாக இருக்கும் CSM என்ற அமைப்பை Disabled என்று மாற்றிச் சேமித்திருக்கிறார். அதன் பிறகு திரை வரவில்லை.

1. கோளாறு அந்த மாற்றத்தால்தான் வந்ததா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

ஜம்பர் எல்லாக் கோளாறுக்கும் மருந்தல்ல. பயாஸில் சேமித்த அமைப்புகளை அது தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும்; அவ்வளவுதான். எனவே சேமித்து வெளியேறிய உடனே திரை போனதா, அல்லது இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு போனதா என்று கேட்டறிவதே முதல் வேலை. உடனே போயிருந்தால் அமைப்பின் மீது சந்தேகம் வலுவாகிறது. இடையில் கணினியை நகர்த்தியிருந்தாலோ, ராம் கழற்றி மாட்டியிருந்தாலோ, மின்சாரம் ஏறி இறங்கியிருந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம்.

பல மதர்போர்டுகளில் CPU, DRAM, VGA, BOOT என்ற பெயர்களோடு நான்கு சிறு விளக்குகள் உண்டு. தொடக்கச் சோதனை எங்கே நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்தபடி இருக்கும். நான் சொல்லும் கணினியில் VGA விளக்கு அணையாமல் நின்றது. காரணம் தெளிவானது: யுஇஎஃப்ஐ என்னும் புதிய துவக்க முறையில் மட்டும் துவங்கும் கணினி, கிராபிக்ஸ் கார்டிலும் அம்முறைக்குரிய ஒரு சிறு மென்பொருளை எதிர்பார்க்கிறது. ஜிடி 210 அந்த வழக்கம் பரவுவதற்கு முந்தைய கார்டு. பழைய முறையில் பேசும் கார்டுக்கும் புதிய முறையில் பேசும் போர்டுக்கும் இடையில் நின்று ஒத்துப்போக வைத்தது சிஎஸ்எம். அதை அணைத்ததும் போர்டு கார்டை அடையாளம் காணவில்லை.

இந்த நிலையில் ஜம்பரைத் தொடுவதற்கு முன் ஓர் எளிய வழியைச் சோதிக்க வேண்டும். உங்கள் ப்ராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சொந்த எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ துளையில் மாட்டித் துவக்குங்கள். திரை வந்துவிட்டால் தவறான அந்த ஓர் அமைப்பை மட்டும் திருத்திக்கொள்ளலாம்; மற்றவை அழியாமல் பிழைக்கும். ரைசன் 5 3600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் எங்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

2. கேபினட்டைத் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கைபேசி விளக்கு, ஒரு ஜம்பர் மூடி, ஒரு புதிய சிஆர்2032 பேட்டரி ஆகியவை போதும். பின்னவை இரண்டும் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். மூடி கிடைக்காவிட்டால், வீட்டில் கிடக்கும் பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கின் பின்புறம் மாஸ்டர், ஸ்லேவ் என்று தேர்ந்தெடுப்பதற்கு வைத்திருக்கும் மூடியைக் கழற்றிப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் அளவு பொருந்தும்.

இவற்றை விட முக்கியமானது அந்த மதர்போர்டின் கையேடு. மாடல் பெயர் போர்டின் மீதே பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அந்த மாடலின் கையேட்டைக் கைபேசியில் இறக்கி, ஜம்பர் படம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாடலின் படத்தைப் பார்த்து ஊகிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பிருந்தால், அமைப்புகளை அழித்த பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும், ஏனெனில் துவக்க நிலை மாறியதை அது ஒரு தாக்குதலாக எடுத்துக்கொள்ளும். அந்த எண் கணினியின் உரிமையாளருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் aka.ms/myrecoverykey என்ற முகவரியில் கைபேசியிலேயே பார்க்கலாம். அலுவலகக் கணினியானால் அங்குள்ள கணினிப் பிரிவினரிடம் கேளுங்கள். எண் கையில் வரும்வரை ஜம்பரைத் தொட வேண்டாம்.

3. மின்சாரத்தை முழுமையாக நீக்குங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். கணினியை அணைத்துவிட்டாலும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பவர் பொத்தானை அழுத்தியதும் கணினி விழிப்பது அதனால்தான். அந்த மின்சாரம் இருக்கும்போது அமைப்புகளைத் தாங்கும் நினைவகத்துக்கு பேட்டரி இல்லாமலேயே உயிர் இருக்கும். ஜம்பரை மாற்றினாலும் அழியாமல் போகலாம், போர்டுக்குச் சேதமும் நேரலாம்.

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் பெரும்பாலான கடைகளிலும் அலுவலகங்களிலும் கணினி யுபிஎஸ் வழியாகத்தான் ஓடுகிறது. சுவர் சுவிட்சை அணைத்தால் யுபிஎஸ் அதை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு, தன் பேட்டரியிலிருந்து கணினிக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும். ஆகவே எஸ்எம்பிஎஸின் பின்புறம் செருகியிருக்கும் பவர் கேபிளையே பிடுங்கிவிடுங்கள். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கேபிளைப் பிடுங்கிய பிறகு, கேபினட்டின் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸின் கெபாசிட்டர்களில் தேங்கியிருக்கும் மின்சாரம் இதனால் வடியும். சில வேளைகளில் விசிறி ஒரு கணம் துடித்து நிற்பதைக் காணலாம். மதர்போர்டில் காத்திருப்பு விளக்கு இருந்தால் அது முழுவதும் அணைந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, பிரிண்டர் கேபிள்களையும் கழற்றிவிடுவது நல்லது, ஏனெனில் தனக்கென மின் இணைப்புள்ள பிரிண்டர், யுஎஸ்பி ஹப் போன்ற சாதனங்களிலிருந்து சில நேரங்களில் சிறிதளவு மின்சாரம் பின்வழியாக வந்துசேரும்.

நிலைமின்னைப் பொறுத்தவரை சென்னையின் ஈரக்காற்று ஓரளவு காப்பு. ஆனாலும் ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும் என்பதால், உள்ளே கைவைக்கும் ஒவ்வொரு முறையும் கேபினட்டின் பெயின்ட் படாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

4. சரியான ஜம்பரை அடையாளம் காணுங்கள்

பெயர் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். ஏசஸ் போர்டுகளில் CLRTC, ஜிகாபைட்டில் CLR_CMOS, எம்எஸ்ஐயில் JBAT1, ஆஸ்ராக்கில் CLRMOS1 என்று பொதுவாக அச்சிடப்பட்டிருக்கும். இடமும் நிலையானதல்ல. காசு வடிவ பேட்டரிக்கு அருகில் தேடுங்கள்; அங்கே இல்லையென்றால் போர்டின் கீழ்விளிம்பில், முன்பலகையின் பவர் பொத்தான் கம்பிகள் வந்து செருகும் இடத்துக்கு அருகில் தேடுங்கள். சிறிய போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் மறைந்திருப்பதும் உண்டு. அப்படியானால் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். இடுக்கில் விரலை நுழைத்துத் தடவ வேண்டாம்.

இரண்டு வகைகள் உண்டு. மூன்று ஊசிகள் கொண்ட வகையில் ஒரு மூடி எப்போதும் போட்டிருக்கும். வழக்கமாக 1, 2 ஊசிகளின் மீது இருந்தால் இயல்பு நிலை, 2, 3 ஊசிகளின் மீது மாற்றினால் அழிக்கும் நிலை. முதல் ஊசியை ஒரு சிறு முக்கோணமோ தடித்த கோடோ காட்டும். இரண்டு ஊசிகள் மட்டும் கொண்ட வகையில் மூடியே இருக்காது. வெறுமையாக இருப்பதுதான் இயல்பு நிலை, இரண்டையும் இணைத்தால் அழியும். இன்றைய போர்டுகளில் அதிகம் காண்பது இந்த இரண்டாவது வகைதான். மூடி காணாமல் போய்விட்டது என்று பலர் பதறுவதும் இதைப் பார்த்துத்தான்.

அச்சிட்ட பெயரைப் படிக்காமல், ஊசிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்தானது. அதே அளவில், அதே இடைவெளியில் கேபினட் திறப்பு உணரி, ஸ்பீக்கர், விசிறி ஆகியவற்றுக்கான ஊசிகளும் பக்கத்திலேயே இருக்கும். விசிறி ஊசிகளில் 12 வோல்ட் வரும் ஊசி தரையோடு அடுத்தடுத்து நிற்கிறது. மின்சாரம் உள்ள நிலையில் அவற்றை ஸ்க்ரூடிரைவரால் இணைத்தால் போர்டே போய்விடும். பெயரைக் கைபேசி விளக்கில் படித்து, கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு, மூடி இப்போது இருக்கும் நிலையை ஒரு புகைப்படம் எடுத்துவிட்டுக் கைவையுங்கள்.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிய கணினிகளின் ஊசிகளில் பச்சை நிறப் பூச்சு படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது இருக்கும்வரை மூடி போட்டாலும் இணைப்பு சரியாக ஏற்படாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு தொடருங்கள்.

5. மூடியை மாற்றி, காத்திருந்து, பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்

மூன்று ஊசி வகையில் மூடியை நேராக மேலே இழுத்தெடுத்து, 2, 3 ஊசிகளின் மீது போடுங்கள். இரண்டு ஊசி வகையில் மூடியை இரண்டின் மீதும் போடுங்கள். கையேடுகள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வினாடிகள் என்கின்றன. நான் முப்பது வினாடிகள் விடுகிறேன், அதனால் தீங்கு எதுவும் இல்லை. பிறகு மூடியைப் பழைய நிலைக்கு மாற்றுங்கள். இரண்டு ஊசி வகையானால் எடுத்துவிடுங்கள்.

மூடி கிடைக்கவில்லையென்றால் தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையை இரண்டு ஊசிகளிலும் ஒருசேரப் படும்படி பிடிக்கலாம். ஆனால் கை நடுங்கினால் இணைப்பு விட்டுவிட்டு ஏற்படும், அமைப்பு அழிந்ததா இல்லையா என்று தெரியாமல் குழம்ப நேரும். அதனால்தான் மூடி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இங்கே நேரும் பெரிய தவறு, மூடி அழிக்கும் நிலையில் இருக்கும்போதே பவர் கேபிளைச் செருகிக் கணினியைத் துவக்குவது. பெரும்பாலான போர்டுகளில் அந்த நிலையில் கணினி துவங்காது. சிலவற்றில் கோளாறும் ஏற்படலாம். மூடி திரும்பிவிட்டதை, முதலில் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கேபிளைத் தொடுங்கள். விதிவிலக்காக, இன்டெல் தன் பெயரிலேயே விற்ற பழைய போர்டுகளில் ஜம்பரை மாற்றிய நிலையில் துவக்கினால்தான் அமைப்புத் திரை வரும். நிறுவனங்கள் முழுக் கணினியாக விற்கும் மாடல்களில் கடவுச்சொல்லுக்குத் தனி ஜம்பர், அமைப்புகளுக்குத் தனி ஜம்பர் என்று இருக்கும். டெல் கணினிகளில் PSWD, RTCRST என்று அவை அச்சிடப்பட்டிருக்கும். இத்தகைய கணினிகளில் அந்த மாடலின் கையேடு சொல்வதே முடிவானது.

6. முதல் துவக்கத்தில் அவசரப்படாதீர்கள்

கேபிள்களை மாட்டிப் பவர் பொத்தானை அழுத்துங்கள். அமைப்புகள் அழிந்த பிறகு வரும் முதல் துவக்கத்தில், போர்டு ராமை ஆரம்பத்திலிருந்து சோதித்து, அதற்கு ஏற்ற வேகத்தைக் கண்டறிய வேண்டும். ரைசன் கணினிகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். இடையில் தானாகவே அணைந்து ஓரிரு முறை மீண்டும் துவங்குவதும் இயல்பே. ஜம்பர் வேலை செய்யவில்லை என்று நினைத்து இந்த நேரத்தில் பவரை நிறுத்திவிடுபவர்கள் பலர். குறைந்தது இரண்டு மூன்று நிமிடங்களாவது தொடாமல் விட்டுவிடுங்கள்.

அழிந்ததற்கான அடையாளம் இரண்டு. ஒன்று, அமைப்புகள் மாறிவிட்டன என்றும் F1 அழுத்தி உள்ளே செல்லவும் என்றும் சொல்லும் ஒரு செய்தி. மற்றது, பயாஸ் கடிகாரம் பழைய ஒரு தேதிக்குப் போயிருப்பது. ரைசன் போர்டுகளில், டிஸ்க் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம்மை மீட்டமைக்க Y, அப்படியே விட N என்று ஒரு கேள்வி வந்தால், டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பிருக்கும்வரை N அழுத்துங்கள்.

திருவல்லிக்கேணிக் கணினியில் திரை வந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. உள்ளே செல்லாமல் அப்படியே துவங்கவிட்டபோது கறுப்புத் திரையில் இந்த வரி வந்து நின்றது:

```
Reboot and Select proper Boot device
```

"அண்ணே, டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போயிடுச்சா?" என்று கடைக்காரர் கேட்டார். எதுவும் போகவில்லை. ஜம்பர் டிஸ்க்கில் உள்ள கோப்புகளைத் தொடுவதே கிடையாது. அந்தக் கணினியில் விண்டோஸ் ஓர் எஸ்எஸ்டியிலும், வாடிக்கையாளர்களின் வேலைகள் தனி ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தன. துவக்க வரிசை அழிந்ததால் போர்டு ஹார்ட் டிஸ்க்கை முதலில் வைத்துவிட்டது. அதில் விண்டோஸ் இல்லாததால் அந்த வரியோடு நின்றுவிட்டது.

7. பயாஸுக்குள் மீண்டும் சரிசெய்ய வேண்டியவை

Del அல்லது F2 அழுத்தி உள்ளே செல்லுங்கள். முதலில் தேதியும் நேரமும். அவை தவறாக இருந்தால் பிரவுசர் NET::ERR_CERT_DATE_INVALID என்று எல்லா இணையதளங்களையும் மறுக்கும். அதைவிட, பில் போடும் மென்பொருள் வைத்திருக்கும் கடைகளில் அன்றைய பில்கள் பழைய தேதியில் பதிவாகிவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது துவக்க வரிசை. விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலில் வையுங்கள். பட்டியலில் ஒரே டிஸ்க் UEFI என்ற முன்னொட்டோடு ஒரு முறையும், அது இல்லாமல் ஒரு முறையும் தோன்றலாம். பழைய முறையில் நிறுவிய விண்டோஸுக்கு முன்னொட்டு இல்லாததே பொருந்தும். எங்கள் கணினியில் அதைத் தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் 10 வழக்கம்போல் வந்தது.

மூன்றாவதாக, டிஸ்க்குகளோடு போர்டு பேசும் சாட்டா முறை. முன்பு RAID அல்லது IDE என்று இருந்து, இப்போது AHCI என்று மாறியிருந்தால், விண்டோஸ் INACCESSIBLE_BOOT_DEVICE என்ற நீலத்திரையோடு நிற்கும். உடனே விண்டோஸை மறுபடி நிறுவத் தொடங்கிவிடாதீர்கள். பழைய முறையைத் திரும்பத் தேர்ந்தெடுத்தால் போதும். RAID தொகுப்பில் இருந்த டிஸ்க்குகளானால், முறையைத் திரும்ப மாற்றும்வரை அவற்றில் எதையும் எழுத வேண்டாம்.

ராமின் எக்ஸ்எம்பி வேகம், மெய்நிகராக்கம் போன்றவை அணைந்திருக்கும். அவற்றைப் பிறகு ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முறை சேமித்துத் துவக்கிப் பாருங்கள். ஒன்றாகச் சேர்த்து மாற்றினால், மறுபடி திரை போகும்போது எது காரணம் என்று தெரியாது.

8. அழித்த பிறகும் திரை வராவிட்டால்

பவர் கேபிளை மறுபடி பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டு, ஐந்து நிமிடங்கள் விட்ட பின் ஜம்பர் படியை மீண்டும் செய்யுங்கள். பேட்டரியின் + பக்கம் மேலே இருக்கும்படி திரும்பப் பொருத்துங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதியதை மாற்றிவிடுங்கள்.

பேட்டரியை மட்டும் கழற்றினால் போதாதா என்று கேட்பார்கள். பழைய போர்டுகளில் போதும். ஆனால் இன்றைய போர்டுகள் பல அமைப்புகளை மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் சிப்பில் எழுதிவைக்கின்றன. பேட்டரியைக் கழற்றினாலும் அவை நிலைத்திருக்கக்கூடும். ஜம்பர் கொடுக்கும் சமிக்ஞையைப் பார்த்துத்தான், அடுத்த துவக்கத்தில் இயல்பு அமைப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பயாஸ் முடிவு செய்கிறது.

சிஎஸ்எம் விஷயத்தில் ஓர் எல்லையும் உண்டு. புதிய பயாஸ் பதிப்பு ஏற்றப்பட்ட சில போர்டுகளில், சிஎஸ்எம் அணைந்திருப்பதே தொழிற்சாலை நிலை. அங்கே எத்தனை முறை அழித்தாலும் பழைய கார்டில் திரை வராது. யுஇஎஃப்ஐ ஆதரவுள்ள ஒரு புதிய கார்டை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி மாட்டி, உள்ளே சென்று சிஎஸ்எம்மை இயக்கிவிட்டு, பழைய கார்டைத் திரும்ப மாட்டுவதே வழி.

அதுவும் பயனில்லையென்றால், வேலை செய்யும்போது கை பட்டு ராமோ, ப்ராசஸருக்கு அருகில் உள்ள எட்டு ஊசி பவர் இணைப்போ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் புதுப்பிப்பு பாதியில் நின்றுபோன கணினிக்கு ஜம்பர் உதவாது. அங்கே அழிந்திருப்பது அமைப்பு அல்ல, பயாஸ் நிரலே.

9. அதே மாற்றத்தை மீண்டும் செய்வதற்கு முன்

விண்டோஸ் வந்ததும் விண்டோஸ் விசையும் R விசையும் சேர்த்து அழுத்தி, msinfo32 என்று தட்டச்சு செய்து, BIOS Mode என்ற வரியைப் பாருங்கள். Legacy என்று இருந்தால், சிஎஸ்எம்மை அணைத்த பிறகு இந்த விண்டோஸ் துவங்காது, கார்டு புதியதாக இருந்தாலும்கூட. முதலில் டிஸ்க்கை, யுஇஎஃப்ஐ துவக்கத்துக்கு ஏற்ற ஜிபிடி என்னும் பகிர்வு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு அந்த டிஸ்க் தகுதியானதா என்பதை, கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு, நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் இந்தக் கட்டளையால் சோதிக்கலாம். இது எதையும் மாற்றாது:

```
mbr2gpt /validate /allowFullOS
```

திருவல்லிக்கேணிக் கணினியில் டிஸ்க் தகுதி பெற்றது; தடையாக நின்றது கார்டுதான். விண்டோஸ் 11 டைரக்ட்எக்ஸ் 12 ஆதரவுள்ள கிராபிக்ஸைக் கேட்கிறது, ஜிடி 210க்கு அது கிடையாது. எனவே முதலில் கார்டை மாற்றவும், அடுத்து டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றவும், சிஎஸ்எம்மைக் கடைசியாக அணைக்கவும் எழுதிக் கொடுத்துவிட்டு, கார்டு வாங்கும்வரை சிஎஸ்எம்மை Enabled என்றே விட்டுவைத்தேன்.